முடக்கு வாதமா, மூட்டுத் தேய்மானமா? மூட்டுகள், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாதநோய்ப் பிரிவின் புறநோயாளிகள் அறைக்கு வருபவர்களின் கையில் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். அதில் எக்ஸ்ரேக்களும் ரத்தப் பரிசோதனை முடிவுகளும் இருக்கும். முடிவுகளில் ஓர் எண்ணுக்குக் கீழே யாரோ பேனாவால் அழுத்திக் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டைச் சுற்றித்தான் கேள்விகள் எல்லாம் எழுகின்றன. திரும்பத் திரும்பக் கேட்ட சிலவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நோயாளிகளைப் பற்றிய விவரங்கள் அடையாளம் தெரியாதபடி மாற்றப்பட்டுள்ளன.

ரெண்டுலயும் மூட்டுதானே வலிக்குது? பேர்தான் வேற வேறயா?

பெயர் மட்டுமல்ல, நோய் தொடங்கும் இடமே வேறு. மூட்டின் உள்பக்கத்தை ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. மூட்டு வழுக்கிக்கொண்டு அசைவதற்கு வேண்டிய திரவத்தைச் சுரப்பது அதுதான். முடக்கு வாதத்தில் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு இந்தச் சவ்வைத் தாக்குகிறது. சவ்வு தடித்து, ரத்தக் குழாய்கள் பெருகி, விளிம்பிலிருந்து எலும்புக்குள் அரித்துக்கொண்டு நுழைகிறது. சரவாங்கி என்று பழையவர்கள் சொல்வதும் பெரும்பாலும் இதைத்தான்.

மூட்டுத் தேய்மானத்தில் முதலில் பழுதாவது எலும்பின் நுனியை மூடியிருக்கும் குருத்தெலும்பு. அது மெலிந்து வெடிக்கும்போது, அடியிலுள்ள எலும்பு சுமையைத் தாங்குவதற்காகக் கெட்டிப்படுகிறது. ஓரங்களில் புதிய எலும்பு முளைக்கிறது. ஒன்றில் எலும்பு அரிக்கப்படுகிறது, மற்றதில் எலும்பு வளர்கிறது. இந்த ஒரு வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே வரும் எக்ஸ்ரே விவரங்களில் பாதி தானாகவே விளங்கிவிடும். பேச்சு வழக்கில் எலும்புத் தேய்மானம் என்ற ஒரே சொல்லை மூட்டுத் தேய்மானத்துக்கும், எலும்பின் அடர்த்தி குறையும் இன்னொரு நோய்க்கும் பயன்படுத்துகிறார்கள். அந்த இரண்டாவது நோய் இங்கே பேசப்படவில்லை.

எந்த மூட்டு வலிக்குதுன்னு வெச்சே எந்த நோய்னு சொல்லிட முடியுமா?

பல நேரங்களில் முடியும். அதற்குக் கையைப் பார்ப்பதே சிறந்த வழி. விரலில் மூன்று வரிசைக் கணுக்கள் உள்ளன. நகத்தை ஒட்டியிருப்பதை நுனிக்கணு என்றும், விரலின் நடுவில் மடிவதை நடுக்கணு என்றும், முட்டியை மடக்கும்போது மேடாகத் தெரிவதை அடிக்கணு என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். முடக்கு வாதம் அடிக்கணுக்கள், நடுக்கணுக்கள், மணிக்கட்டு ஆகியவற்றில் வரும். நுனிக்கணுவைப் பெரும்பாலும் விட்டுவிடும். தேய்மானம் நுனிக்கணுக்கள், நடுக்கணுக்கள், கட்டைவிரல் மணிக்கட்டோடு சேரும் அடிமூட்டு ஆகியவற்றில் வரும். அடிக்கணுவையும் மணிக்கட்டையும் பெரும்பாலும் விட்டுவிடும். நடுக்கணு இரண்டுக்கும் பொது என்பதால், அது மட்டும் வலிக்கும்போது மூட்டின் இடத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது.

மற்ற இடங்களிலும் இத்தகைய பங்கீடு உண்டு. பாதத்தில் பெருவிரலின் அடிமூட்டு தேய்மானத்தின் இடம். மற்ற விரல்களின் அடிமூட்டுகள் முடக்கு வாதத்தின் இடம். இடுப்பு முதுகெலும்பு தேய்மானத்துக்கு உரியது, முடக்கு வாதம் அங்கே போவதில்லை. ஆனால் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள மூட்டை முடக்கு வாதம் தாக்கக்கூடும். முழங்கையோ கணுக்காலோ அடிபட்ட வரலாறு இல்லாமல் வீங்கியிருந்தால் தேய்மானம் என்று எளிதில் சொல்லிவிடக் கூடாது. முடக்கு வாதம் இடம், வலம் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி வரும் என்பது பொதுவாகச் சரிதான். ஆனால் கைத் தேய்மானமும் இரு கைகளிலும் வரும் என்பதால், இரண்டு பக்கமும் வலிக்கிறது என்பது மட்டும் பிரித்தறியப் போதாது.

விரல் நுனிக்கிட்ட புளியங்கொட்டை மாதிரி கெட்டியா வந்திருக்கு. விரல் கோணிக்குமா? இது முடக்கு வாதம்தானே?

நுனிக்கணுவின் முதுகுப் பக்கத்தில் இரண்டு பக்கமும் எழும் கெட்டியான புடைப்பு தேய்மானத்தின் அடையாளம். 18-ஆம் நூற்றாண்டில் இதை விவரித்த ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹெபர்டனின் பெயரால் ஹெபர்டன் கணு என்கிறோம். நடுக்கணுவில் வந்தால் பூஷார் கணு. விரல் சற்றே பக்கவாட்டில் சாயலாம். மாதவிடாய் நிற்கும் வயதையொட்டிய பெண்களுக்கு இது அதிகம் வருகிறது. அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்திருப்பதும் வழக்கம்.

விரலால் தொட்டே வேறுபாட்டை உணரலாம். தேய்மானப் புடைப்பு உண்மையிலேயே புளியங்கொட்டை போல இருக்கும், அழுத்தினால் அமுங்காது, ஏனென்றால் அது எலும்பு. முடக்கு வாதத்தில் வீங்கிய கணு ஊறவைத்த உலர்திராட்சை போலக் கொழகொழவென்று அமுங்கும். மூட்டின் ஒரு பக்கத்தை அழுத்தினால் மறுபக்கம் எழும்பும், ஏனென்றால் அங்கே இருப்பது தடித்த சவ்வும் திரவமும். வரிசையாக நான்கு அடிக்கணுக்களையும் கைகுலுக்குவதுபோல் பக்கவாட்டில் சேர்த்து அழுத்தும்போது நோயாளி முகம் சுளித்தால், மற்ற எந்தச் சோதனைக்கும் முன்பே எனக்கு முடக்கு வாதச் சந்தேகம் வந்துவிடும்.

காலையில எழுந்ததும் கை மடக்க வரல. எல்லாருக்கும் வயசானா அப்படித்தானே?

எவ்வளவு நேரம் என்பதே கேள்வி. தேய்மானத்தில் காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். நெடுநேரம் உட்கார்ந்து எழும்போது மீண்டும் சில நிமிடங்கள் வரும். நாள் முழுதும் உழைத்தபின் மாலையில் வலி கூடும். முடக்கு வாதத்தில் விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும், அசைய அசையத் தளரும். விறைப்பு எத்தனை நிமிடம் என்று கேட்டால் யாரும் சரியாகச் சொல்வதில்லை. அதனால் நான் வேறு விதமாகக் கேட்பேன்: காலையில் எழுந்து எவ்வளவு நேரம் கழித்து ரவிக்கை ஊக்கையோ சட்டைப் பொத்தானையோ சிரமமில்லாமல் மாட்ட முடிகிறது? அதற்கு வரும் பதில் நம்பத்தக்கதாக இருக்கிறது.

எக்ஸ்ரேல என்னதான் பார்ப்பீங்க? எனக்கு ரெண்டும் ஒரே மாதிரி கறுப்பு வெள்ளையாத்தான் தெரியுது.

எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. இரண்டு எலும்புகளுக்கு நடுவே கறுப்பாகத் தெரியும் இடைவெளிதான் குருத்தெலும்பு இருக்கும் இடம். தேய்மானத்தில் அந்த இடைவெளி ஒரு பக்கமாகக் குறையும், ஏனென்றால் சுமை அதிகம் விழும் பக்கமே முதலில் தேயும். முழங்காலில் அது பெரும்பாலும் உள்பக்கம். அதனால்தான் முற்றிய தேய்மானத்தில் கால்கள் வில்போல் வளைகின்றன. குறைந்த இடைவெளிக்குக் கீழே எலும்பு பளிச்சென்று வெள்ளையாகத் தடித்திருக்கும், ஓரங்களில் அலகு போன்ற எலும்பு முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும், சில இடங்களில் எலும்புக்குள் சிறு நீர்க்கட்டிகள் வட்டமாகத் தெரியும்.

முடக்கு வாதத்தில் இடைவெளி மூட்டு முழுவதும் சமமாகக் குறையும், ஏனென்றால் அழற்சி சுமையைப் பார்த்து வருவதில்லை. முழங்காலில் உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டும் ஒன்றாகச் சுருங்கியிருக்கும். மூட்டைச் சுற்றியுள்ள எலும்பு வெளுப்பதற்கு மாறாக மங்கும். சுண்ணாம்புச் சத்து குறைந்து, கழுவிவிட்டதுபோல் தெரியும். மூட்டின் விளிம்பில், குருத்தெலும்பு மூடாமல் சவ்வு நேராக எலும்பைத் தொடும் இடத்தில், எலி கடித்ததுபோல் சிறு குழிகள் இருக்கும். எலும்பு முளை எதுவும் இருக்காது. பழைய முடக்கு வாதத்தால் கெட்டுப்போன மூட்டு பின்னாளில் தேய்மானமும் அடைந்து முளை விடலாம் என்பது ஒரு விதிவிலக்கு.

எக்ஸ்ரே நார்மல்னு எழுதியிருக்காங்க. அப்போ முடக்கு வாதம் இல்லைன்னு நிம்மதியா இருக்கலாமா?

வலி தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தால் இருக்கக் கூடாது. ஆரம்ப முடக்கு வாதத்தில் எக்ஸ்ரே இயல்பாக இருப்பதே வழக்கம். முதலில் தெரிவது மூட்டைச் சுற்றிய சதை வீக்கமும் எலும்பின் மங்கலும் மட்டுமே, குழிகள் பின்னால் வரும். எக்ஸ்ரேயில் குழி தெரியும் வரை காத்திருந்தால், மருந்தால் தடுத்திருக்கக்கூடிய சேதத்தை வரவிட்டுப் பார்த்ததாகும்.

கை எக்ஸ்ரே இயல்பாக இருந்தாலும் பாதத்தையும் எடுக்கச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு: முதல் குழி பல நேரங்களில் சுண்டுவிரலின் அடிமூட்டில், வெளி ஓரத்தில் விழுகிறது, அங்கே வலி இல்லாதவர்களுக்கும்கூட. அதற்கும் மேலே தெளிவு வேண்டுமானால் டாப்ளருடன் கூடிய அல்ட்ராசவுண்ட் உதவும். தடித்த சவ்வுக்குள் ரத்த ஓட்டம் திரையில் சிவப்பாக மினுங்கினால், அங்கே அழற்சி உயிரோடு இருக்கிறது என்று பொருள். எம்.ஆர்.ஐ. இன்னும் முன்னதாகவே காட்டும், ஆனால் எல்லோருக்கும் அது தேவைப்படுவதில்லை.

எனக்கு எக்ஸ்ரேல நாலாவது ஸ்டேஜ் தேய்மானம்னாங்க. ஆனா பெரிசா வலி இல்லையே, ரிப்போர்ட் தப்பா?

தப்பாக இருக்க வேண்டியதில்லை. கெல்க்ரன், லாரன்ஸ் என்ற இருவர் 1957-இல் வகுத்த 0 முதல் 4 வரையிலான படிகளைத்தான் ஸ்டேஜ் என்கிறார்கள். அது எலும்பு முளையையும் இடைவெளியையும் அளக்கிறது, வலியை அளக்கவில்லை. இரண்டாம் படியில் துடித்துப்போகிறவர்களும் உண்டு, நான்காம் படியோடு மலைக்கோயில் ஏறுகிறவர்களும் உண்டு. முழங்கால் எக்ஸ்ரேயை நிற்கவைத்து எடுத்தார்களா என்று மட்டும் பாருங்கள். படுக்கவைத்து எடுத்தால் சுமை விழாததால் இடைவெளி உள்ளதைவிட அகலமாகத் தெரியும்.

ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ். ஆர்.ஏ.ன்னாலே முடக்கு வாதம்தானே? அப்போ எனக்கு இருக்குன்னுதானே அர்த்தம்?

பெயர்தான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். இந்தப் பரிசோதனை அளப்பது, நம் உடலின் சொந்த எதிர்ப்புப் புரதங்களையே பிடித்துக்கொள்ளும் இன்னோர் எதிர்ப்புப் புரதத்தை. அது முடக்கு வாதத்தில் மட்டும் உண்டாவதில்லை. ஹெபடைடிஸ் சி, காசநோய், இதய வால்வுத் தொற்று போன்ற நெடுநாள் தொற்றுகளிலும், கண்ணும் வாயும் உலரும் ஷோக்ரன் நோயிலும், எந்த நோயும் இல்லாத முதியவர்களிடமும் காணப்படும்.

கணக்காகவே பார்க்கலாம். முடக்கு வாதம் பெரியவர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே உண்டு. ஆயிரம் பேரில் 8 பேருக்கு என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினரை இந்தப் பரிசோதனை பிடிக்கும், ஆக 5 அல்லது 6 பேர். மீதியுள்ள 992 பேரில் நூற்றுக்கு 5 பேருக்கு நோயில்லாமலே பாசிட்டிவ் வரும் என்று கொண்டால் அதுவே 50 பேர் ஆகிறது. அதாவது மூட்டைப் பார்க்காமல் எல்லோருக்கும் இதைச் செய்தால், பாசிட்டிவ் வந்த 55 பேரில் 50 பேருக்கு முடக்கு வாதம் இல்லை. அதே சோதனையை, அடிக்கணுக்கள் வீங்கியவர்களுக்கு மட்டும் செய்தால் கணக்கு தலைகீழாகிறது. சோதனை மாறவில்லை, யாருக்குச் செய்தோம் என்பதுதான் மாறியது.

ஆன்டி சி.சி.பி. என்ற சோதனை இதைவிடத் துல்லியமானது. அது முடக்கு வாதக்காரர்களை ஏறத்தாழ அதே அளவில்தான் பிடிக்கும். ஆனால் நோயில்லாதவர்களுக்குப் பாசிட்டிவ் வருவது அரிது. நோய் வெளிப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அது ரத்தத்தில் தோன்றிவிடுவதும் உண்டு. அளவும் முக்கியம்: இரண்டு சோதனைகளிலும் மேல் வரம்பைவிட மூன்று மடங்குக்கு மேல் போனால்தான் அதிக பாசிட்டிவ் என்கிறோம்.

அப்போ ரெண்டுமே நெகட்டிவ்னா தேய்மானம்தான்னு முடிவு பண்ணிடலாமா?

முடியாது. முடக்கு வாதம் உள்ளவர்களில் நான்கில் ஒருவர் அளவுக்கு இரண்டு சோதனைகளும் நெகட்டிவாகவே இருப்பார்கள். மறுபக்கம், தேய்மானத்தை உறுதி செய்யும் ரத்தப் பரிசோதனை என்று ஒன்று நடைமுறையில் கிடையாது. ரத்தம் இயல்பாக இருப்பது தேய்மானத்தோடு ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். அதை நிறுவுவது மூட்டின் இடமும் எக்ஸ்ரேயும்.

ஈ.எஸ்.ஆர். 45 இருக்கு. உள்ள எங்கேயோ வாதம் இருக்குன்னு லேப்ல சொன்னாங்களே?

ஈ.எஸ்.ஆர். என்பது ஒரு குழாயில் நிறுத்திய ரத்தத்தின் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகின்றன என்ற அளவு மட்டுமே. அழற்சியில் அது உயரும் என்பது உண்மை. ஆனால் ரத்தசோகையிலும், கர்ப்பத்திலும், சிறுநீரக நோயிலும், வயது ஏறினாலும் உயரும். நம் ஊர்ப் பெண்களில் பலருக்கு ஹீமோகுளோபின் குறைவு என்பதால், அந்த எண்ணைப் பார்க்காமல் ஈ.எஸ்.ஆரை மட்டும் பார்ப்பது வழிதவறச் செய்யும். வயதுக்கேற்ற மேல் வரம்பைத் தோராயமாகக் கணக்கிட ஒரு பழைய வழி உண்டு: ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு 10 கூட்டி அதில் பாதி.

அழற்சியில் ரத்தத்தில் கூடும் சி.ஆர்.பி. என்ற புரதம் வேகமாக ஏறி வேகமாக இறங்கும், ரத்தசோகையால் பாதிக்கப்படாது, அதனால் அது சற்று நம்பகமானது. ஆனாலும் ஒரு பல் சீழோ, கூடுதல் உடல் எடையோ அதை உயர்த்தக்கூடும். அதுபோலவே, மூட்டுகள் வீங்கியிருந்தும் இரண்டும் இயல்பாக இருக்கும் முடக்கு வாதக்காரர்களைக் கணிசமாகப் பார்க்கிறோம். கூட்டுப் பரிசோதனைத் தொகுப்புகளில் சேர்த்துவிடும் ஏ.எஸ்.ஓ. பற்றியும் ஒரு சொல்: அது தொண்டையில் வந்துபோன ஒரு கிருமியின் சுவட்டைக் காட்டுவது, நடுவயதுக்காரரின் முழங்கால் வலிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அது ஏன் அந்தத் தொகுப்பில் இருக்கிறது என்பதற்குப் பழக்கம் என்பதைத் தவிர எனக்குக் காரணம் தெரியவில்லை.

மார்க் போட்டு முடக்கு வாதம்னு சொல்றாங்களாமே, அது எப்படி?

அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் மருத்துவ அமைப்புகள் 2010-இல் இணைந்து வகுத்த முறை அது. பத்துக்கு 6 மதிப்பெண் வந்தால் முடக்கு வாதம் என்று வகைப்படுத்தலாம். மூட்டுகளுக்கு அதிகபட்சம் 5: சிறு மூட்டுகள் 1 முதல் 3 வரை என்றால் 2, 4 முதல் 10 வரை என்றால் 3, பத்துக்கு மேல் என்றால் 5. ஒரே ஒரு பெரிய மூட்டு என்றால் சுழியம்; 2 முதல் 10 பெரிய மூட்டுகள் என்றால் 1. ஆர்.ஏ. ஃபேக்டரோ ஆன்டி சி.சி.பி.யோ குறைந்த பாசிட்டிவ் என்றால் 2, அதிக பாசிட்டிவ் என்றால் 3. ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. உயர்ந்திருந்தால் 1. ஆறு வாரம் தாண்டியிருந்தால் 1.

இதில் நம் பேச்சுக்கு முக்கியமானது, எண்ணக் கூடாது என்று விலக்கப்பட்ட மூட்டுகள்: விரல்களின் நுனிக்கணு, கட்டைவிரலின் அடிமூட்டு, பாதப் பெருவிரலின் அடிமூட்டு. மேலே சொன்ன தேய்மானத்தின் சொந்த இடங்கள்தான் இவை. இன்னொரு நிபந்தனை கணக்குக்கு முன்பே வருகிறது: குறைந்தது ஒரு மூட்டிலாவது சவ்வு வீக்கம் தெளிவாக இருக்க வேண்டும், அதற்கு வேறு நோய் பொருத்தமான காரணமாக இருக்கக் கூடாது. அந்த வாசலைத் தாண்டாதவருக்கு மதிப்பெண் போடவே தொடங்கக் கூடாது.

அம்மாவுக்கு 56 வயசு. ஆர்.ஏ. ஃபேக்டர் 28. ஒரு டாக்டர் முடக்கு வாதம்னு மருந்து கொடுத்தார், இன்னொருத்தர் தேய்மானம்னு சொல்றார். யாரை நம்புறது?

இப்படி வந்த ஒருவரைப் பார்த்த விதத்தைச் சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளாக விரல் வலி. துணி பிழியும்போதும், ஊறுகாய் பாட்டிலின் மூடியைத் திருகும்போதும் கட்டைவிரல் அடியில் சுரீரென்று வலி. காலை விறைப்பு, பல் துலக்கி முடிப்பதற்குள் போய்விடுகிறது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நுனிக்கணுக்களிலும், இரு கைகளிலும், கெட்டியான புடைப்பு. அடிக்கணுக்களைச் சேர்த்து அழுத்தினேன், வலியில்லை. மணிக்கட்டை முழுதாக மடக்க முடிந்தது. அமுங்கும் வீக்கம் எங்குமே இல்லை.

ரத்தத்தில் ஆர்.ஏ. ஃபேக்டர் 28, அந்த ஆய்வகத்தின் மேல் வரம்பு 20. அதாவது குறைந்த பாசிட்டிவ். ஆன்டி சி.சி.பி. நெகட்டிவ். ஈ.எஸ்.ஆர். 30, மேலே சொன்ன கணக்குப்படி அவர் வயதுக்கு 33 வரை இயல்பு. சி.ஆர்.பி. வரம்புக்குள். கை எக்ஸ்ரேயில் நுனிக்கணுக்களில் எலும்பு முளைகள், ஒருபக்கமாகக் குறைந்த இடைவெளி, கட்டைவிரல் அடிமூட்டில் வெள்ளையாகத் தடித்த எலும்பு. அடிக்கணுக்களும் மணிக்கட்டும் சுத்தமாக இருந்தன. எலும்பு மங்கலும் இல்லை, குழியும் இல்லை. சவ்வு வீக்கம் இல்லாததால் மதிப்பெண் முறைக்குள் நுழையவே முடியவில்லை. கையில் தேய்மானம், கூடவே பொருளற்ற ஒரு பாசிட்டிவ் என்று முடிவு செய்தோம்.

அவர் நான்கு மாதமாக வாரந்தோறும் முடக்கு வாத மருந்தான மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிட்டு, ஒவ்வொரு முறையும் மறுநாள் குமட்டலோடு படுத்திருக்கிறார். கோடு போட்ட அந்த 28 மட்டுமே அதற்குக் காரணம். மாத்திரையை நிறுத்தினோம், கட்டைவிரலுக்கு ஒரு தாங்குபட்டையும் பூசும் வலிநிவாரணியும் கொடுத்தோம். பாசிட்டிவுக்கு வேறு காரணம் உண்டா என்று ஹெபடைடிஸ் சி பரிசோதனை செய்து, கண், வாய் உலர்வைக் கேட்டறிந்தோம். எதுவும் இல்லை.

முழங்கால்ல நீர் கோத்திருக்கு, ஊசி போட்டு எடுத்துப் பார்க்கணும்கிறாங்க. அதுல என்ன தெரியும்?

ரத்தம் சொல்லாததை மூட்டு நீர் சில நேரம் சொல்லிவிடும். தேய்மானத்தில் அது வெளிர் மஞ்சளாகத் தெளிந்திருக்கும், குழாய்க்குப் பின்னால் பிடித்த தாளின் எழுத்தைப் படிக்கலாம். ஊசி முனையிலிருந்து சொட்டவிட்டால் தேன்போல் இழையாக நீளும். வெள்ளணுக்கள் கன மில்லிமீட்டருக்கு 2,000-க்குக் கீழே இருக்கும். முடக்கு வாதத்தில் நீர் கலங்கியிருக்கும், தண்ணீர்போலச் சொட்டுச்சொட்டாக விழும். வெள்ளணுக்கள் பெரும்பாலும் 5,000 முதல் 50,000 வரை.

50,000-ஐத் தாண்டினால் மூட்டுக்குள் சீழ் என்றே முதலில் கருத வேண்டும், அன்றே சிகிச்சை தொடங்க வேண்டும். ஏற்கெனவே முடக்கு வாதம் உள்ளவரின் ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சிவந்து வீங்கினாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதை நோய் கிளம்பிவிட்டது என்று எண்ணி வீட்டிலிருந்தபடி மாத்திரையைக் கூட்டிக்கொள்வது ஆபத்து.

ஒரே ஆளுக்கு ரெண்டும் வருமா?

வரும். தேய்மானம் அவ்வளவு பரவலானது என்பதால், முடக்கு வாதம் அதன் மேல் வந்து அமர்வது அரிதன்று. சிக்கல் என்னவென்றால், பழைய நோயின் பெயரே புதிய வலிக்கும் சூட்டப்பட்டுவிடுகிறது. பத்து ஆண்டுகளாக முழங்கால் தேய்மானம் உள்ள 63 வயதுப் பெண் ஒருவர், எட்டு வாரமாகக் கை விரல்களை மடக்க முடியவில்லை என்று வந்தார். தேய்மானம் கைக்கும் பரவிவிட்டது என்று வீட்டில் எண்ணியிருந்தார்கள். இரண்டு மணிக்கட்டுகளும், இரு கைகளிலும் இரண்டிரண்டு அடிக்கணுக்களும் கொழகொழவென்று வீங்கியிருந்தன.

ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், ஆனால் ஆன்டி சி.சி.பி. மேல் வரம்பைப் போல ஐந்து மடங்கு. சி.ஆர்.பி. உயர்ந்திருந்தது. கை எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றுமில்லை. பாத எக்ஸ்ரேயில் சுண்டுவிரல் அடிமூட்டின் வெளி ஓரத்தில் ஒரு சிறு குழி. மதிப்பெண்: சிறு மூட்டுகள் ஆறுக்கு 3, அதிக பாசிட்டிவுக்கு 3, சி.ஆர்.பி.க்கு 1, ஆறு வாரம் தாண்டியதற்கு 1, மொத்தம் 8. முழங்கால் எக்ஸ்ரேயில் உள்பக்கம் மட்டும் குறைந்த இடைவெளியும் முளைகளும் அப்படியே இருந்தன. அது பழைய நோய், கை புதிய நோய். மெத்தோட்ரெக்சேட்டால் கை மூன்று மாதத்தில் தளர்ந்தது. முழங்கால் வலி குறையவில்லை. அதற்கு மருந்து வேலை செய்யவில்லை என்று பொருளில்லை, அந்த வலி அந்த மருந்துக்கு உரியதன்று.

நுனிக்கணுவுல குழி விழுந்திருக்குன்னு எக்ஸ்ரேல எழுதியிருக்காங்க. நுனிக்கணுன்னா தேய்மானம், குழின்னா முடக்கு வாதம்னீங்க. இது எது?

பெரும்பாலும் இரண்டு வாய்ப்புகள் உண்டு. இரண்டுமே முடக்கு வாதம் அல்ல. முதலாவது, தேய்மானத்திலேயே அழற்சி மிகுந்த ஒரு வகை. அதில் குழி விளிம்பில் விழாமல் மூட்டின் நடுவில் விழும். இரு ஓரங்களிலும் முளைகள் நிற்கும். இரண்டும் சேர்ந்து பறக்கும் கடற்புறாவின் சிறகுபோல் தெரியும். இரண்டாவது, சொரியாசிஸ் என்ற தோல் நோயோடு வரும் மூட்டழற்சி. அதில் குழி விளிம்பில்தான் விழும், ஆனால் பக்கத்திலேயே பஞ்சுபோன்ற புதிய எலும்பும் இருக்கும். நகத்தில் ஊசியால் குத்தியதுபோல் புள்ளிகள் உள்ளனவா, உச்சந்தலையிலோ முழங்கையிலோ செதில் உதிர்கிறதா என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு: ஆள்காட்டி, நடுவிரல் அடிக்கணுக்களில் மட்டும் எலும்பு முளையோடு தேய்மானம் தெரிந்தால், அது சாதாரணத் தேய்மானமாக இருப்பதில்லை. கால்சியம் படிகங்கள் மூட்டில் படியும் நோயையும், உடலில் இரும்புச் சத்து தேங்கும் நோயையும் தேட வேண்டும்; இரும்புக்கு ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் செறிவு என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகள் போதும்.

சிக்குன்குனியா வந்து மூணு மாசமாச்சு, இன்னும் ரெண்டு கையும் வீங்குது. இது முடக்கு வாதமா மாறிடுச்சா?

சிக்குன்குனியாவுக்குப் பிந்தைய மூட்டழற்சி, மூட்டுகளின் இடத்தை வைத்துப் பார்த்தால் முடக்கு வாதத்தின் அச்சாகவே இருக்கும்: மணிக்கட்டு, விரல் கணுக்கள், கணுக்கால், இரு பக்கமும், ஒரு மணி நேர விறைப்போடு. ஆறு வாரம் தாண்டியிருக்கும், சி.ஆர்.பி.யும் உயர்ந்திருக்கலாம். ஆகவே மதிப்பெண் முறை இங்கே எளிதாக 6-ஐத் தொட்டுவிடும். வேறு நோய் பொருத்தமான காரணமாக இருக்கக் கூடாது என்று மேலே சொன்ன நிபந்தனை இத்தகையவர்களுக்காகத்தான்.

காய்ச்சலோடு ஒரே நாளில் எல்லா மூட்டுகளும் பிடித்துக்கொண்டதா, அல்லது வாரக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சேர்ந்ததா என்று முதலில் கேட்பேன். முன்னது சிக்குன்குனியாவின் வழி. ஆன்டி சி.சி.பி. நெகட்டிவாக இருந்து, எக்ஸ்ரேயில் குழியும் இல்லையென்றால், வலிக்கு மருந்து கொடுத்துக் காத்திருப்போம். பலருக்கு மாதங்கள் செல்லச் செல்லத் தணிந்துவிடுகிறது. ஆன்டி சி.சி.பி. அதிக பாசிட்டிவ் என்றாலோ, ஆறு மாதம் கழித்து எடுத்த பாத எக்ஸ்ரேயில் புதிதாகக் குழி தெரிந்தாலோ, காய்ச்சலைக் காரணம் காட்டிக்கொண்டிருக்காமல் முடக்கு வாதத்துக்கான சிகிச்சையைத் தொடங்கிவிடுவோம்.